முழுப் பணத்தையும் இப்போதே கட்டினால் பில்டரிடம் எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்?

மூன்றாம் தளம் எழுதியது:

கட்டிக்கொண்டிருக்கும் ஓர் அடுக்குமாடியில் வீடு பதிவு செய்திருக்கிறேன். கணக்குக்கு வசதியாக விலையை 100 என்று வைத்துக்கொள்கிறேன். முன்பதிவுக்கு 10 கட்டியாயிற்று. மீதி 90ஐ வேலை நடக்க நடக்கக் கட்ட வேண்டும்: அடித்தளம் முடியும்போது 15, அது இன்னும் 3 மாதத்தில். பிறகு 8, 13, 18ஆம் மாதங்களில் ஒவ்வொரு முறையும் 20. பூச்சு வேலை முடியும் 22ஆம் மாதம் 10. சாவி கொடுக்கும் 24ஆம் மாதம் 5.

வேறொரு சொத்தை விற்ற பணம் முழுவதும் இப்போது கையில் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட விற்பனை மேலாளர், மொத்தத்தையும் இந்த மாதமே கட்டிவிட்டால் விலையில் 5 சதவீதம் தள்ளுபடி என்கிறார். அதாவது 90க்குப் பதில் 85 கட்டினால் போதும். இதே பணத்தை வங்கியில் வைப்பாகப் போட்டால் ஆண்டுக்கு 6 சதவீதம் கிடைக்கும்.

5 என்பது நல்ல தள்ளுபடியா? இன்னும் கேட்கலாமா? கேட்டால் எந்த அடிப்படையில் கேட்பது?

வெள்ளிமீன் எழுதியது:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இரண்டு ஆண்டுக்கு 5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு இரண்டரை. வங்கி 6 கொடுக்கிறது. வங்கியில் போட்டுவிட்டுத் தவணை வரும்போது எடுத்துக் கட்டுங்கள். பில்டர் உங்களை ஏமாற்றப் பார்க்கிறார்.

தென்றல் 42 எழுதியது:

நான் சென்ற ஆண்டு இதைத்தான் செய்தேன். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டப் போனால், வங்கி முன்கூட்டி அடைப்பதற்கென்று தனிக் கட்டணம் கேட்டது. வட்டியில் எந்தத் தள்ளுபடியும் தரவில்லை. எழுத்தில் கேளுங்கள், இல்லாவிட்டால் கட்டணம் போட்டுவிடுவார்கள்.

மூன்றாம் தளம் எழுதியது:

தென்றல், நீங்கள் சொல்வது வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பது. எனக்குக் கடனே இல்லை. வீட்டின் விலையைத்தான் பில்டருக்கு முன்கூட்டிக் கொடுக்கப் பார்க்கிறேன்.

தென்றல் 42 எழுதியது:

அப்படியா, தலைப்பைப் பார்த்து அவசரப்பட்டுவிட்டேன். மன்னிக்கவும். ஆனாலும் எழுத்தில் கேளுங்கள்.

பழைய கணக்காளர் எழுதியது:

பதினேழு ஆண்டுகள் கட்டுமான நிறுவனங்களின் நிதிப் பிரிவில் இருந்தவன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இந்தத் தள்ளுபடிகளை நிர்ணயித்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வெள்ளிமீன் போட்ட கணக்கு தவறு. 90 முழுவதும் இரண்டு ஆண்டு கழித்துக் கட்ட வேண்டிய பணமாக இருந்தால்தான் அது ஏறக்குறையவாவது சரி. உண்மையில் 15 மூன்றே மாதத்தில் கட்ட வேண்டியது. அதை இப்போது கொடுத்தால் பில்டருக்குக் கிடைப்பது மூன்று மாத லாபம் மட்டுமே. 24 மாதம் காத்திருப்பது கடைசி 5 மட்டும். ஒவ்வொரு தவணையையும் அது எத்தனை மாதம் முன்னால் வருகிறதோ அத்தனையால் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள். 45, 160, 260, 360, 220, 120. ஆக மொத்தம் 1165. இதை 90ஆல் வகுத்தால் சராசரியாக 13 மாதம். ஆக நீங்கள் பில்டருக்குக் கொடுப்பது 24 மாதக் கடன் அல்ல, 13 மாதக் கடன்.

ஆம், கடன். இந்தச் சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தள்ளுபடி என்று அவர்கள் எழுதினாலும் இது நீங்கள் கொடுக்கும் கடனுக்கு அவர் முன்கூட்டித் தரும் வட்டி. 85ஐ இன்று கொடுத்துவிட்டு, கட்ட வேண்டியிருந்த 90ஐ 24 மாதத்தில் பகுதி பகுதியாக மிச்சம் பிடிக்கிறீர்கள். அதற்கு ஆண்டுக்கு எவ்வளவு விழுகிறது என்று பார்த்தால் சுமார் ஐந்தரை சதவீதம் வருகிறது. இரண்டரை இல்லை. ஆனால் உங்கள் வங்கி தரும் 6ஐவிடவும் குறைவு.

விரிதாளில் போட்டுப் பார்க்க விரும்பினால், A பத்தியில் தவணைகள், B பத்தியில் மாதங்கள், 2ஆம் வரிசையிலிருந்து 7ஆம் வரிசை வரை:

```
=SUMPRODUCT(A2:A7,B2:B7)
=SUMPRODUCT(A2:A7/(1+1%)^B2:B7)
```

முதல் வரி 1165 தரும். இரண்டாவது வரி, மாதம் 1 சதவீத வட்டிக்கு அந்த 90இன் இன்றைய மதிப்பு என்ன என்று சொல்லும். விடை 79.3. அதாவது பில்டர் மாதம் 1 சதவீதத்தில் வெளியே கடன் வாங்குபவராக இருந்தால், உங்களிடம் இன்று 79.3 வாங்கிக்கொள்வதும் தவணையில் 90 வாங்குவதும் அவருக்கு ஒன்றுதான். அவர் 10.7 வரை விட்டுக்கொடுத்தாலும் நஷ்டம் இல்லை. அவர் தருவதோ 5. மீதி 5.7 யாருக்குப் போக வேண்டும் என்பதுதான் உங்கள் பேரம்.

அவருடைய கடன் வட்டி உங்களுக்கு எப்படித் தெரியும்? சொல்ல மாட்டார். ஆனால் உங்கள் ஒப்பந்தத்தைப் புரட்டுங்கள். நீங்கள் தவணையைத் தாமதமாகக் கட்டினால் எத்தனை சதவீதம் வட்டி என்று எழுதியிருப்பார். நேரத்துக்கு அவரே போட்ட விலை அது. பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள்.

மூன்றாம் தளம் எழுதியது:

எடுத்துப் பார்த்தேன். ஆண்டுக்கு 15 சதவீதம்!

நிதானன் எழுதியது:

கணக்காளர் ஐயா சொல்வதில் ஒரு சின்னத் திருத்தம். வைப்பு வட்டிக்குப் பல இடங்களில் வருமான வரி உண்டு. விலையில் கிடைக்கும் குறைப்பு வாங்குபவரின் வருமானம் ஆகாது. வரி போக 6 என்பது நாலரையோ என்னவோ ஆகிவிடும். அப்போது ஐந்தரை அவ்வளவு மோசமில்லை.

மேலும், நான் இப்படித்தான் முழுப் பணமும் கொடுத்து வாங்கினேன். 8 சதவீதம் குறைத்தார்கள். மூலை வீட்டைத் தேர்ந்தெடுக்கவும் விட்டார்கள். சொன்ன தேதிக்கு ஆறு வாரம் தாமதமாகச் சாவி கொடுத்தார்கள். எந்தத் தொல்லையும் இல்லை. எல்லாரையும் திருடர் என்று நினைத்தால் வீடே வாங்க முடியாது.

பழைய கணக்காளர் எழுதியது:

வரி பற்றிய திருத்தம் நியாயமானது, ஏற்கிறேன். ஆனால் ஒப்பீடே வங்கி வைப்போடு இருக்கக் கூடாது. வங்கி வைப்பு திரும்பி வரும் என்பதில் சந்தேகம் இல்லாத பணம். பில்டரிடம் கொடுத்தது பாதி எழும்பிய கட்டடத்தில் சிக்கியிருக்கும் பணம். எந்த வங்கியும் ஒரு பில்டருக்கு 6 சதவீதத்தில் ஈடில்லாமல் கடன் தராது. நீங்கள் மட்டும் ஏன் தர வேண்டும்?

பாதியில் நின்ற வீடு எழுதியது:

என் பெயரே என் கதை. 9 சதவீதம் கிடைத்தது என்று பெருமையாக முழுப் பணத்தையும் கொடுத்தேன். நான்காவது தளத்துக் கூரை போட்ட பிறகு வேலை நின்றது. அதே கட்டடத்தில் தவணையில் வாங்கியவர்கள் அதுவரை 45 சதவீதம்தான் கொடுத்திருந்தார்கள். அவர்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, வேலை தொடங்கினால்தான் அடுத்த தவணை என்று கடிதம் கொடுத்தார்கள். அவர்களைக் கூட்டத்துக்கு அழைத்தார்கள், தேநீர் கொடுத்தார்கள், தேதி சொன்னார்கள். என்னைக் கூப்பிடவே இல்லை. என்னிடமிருந்து வர வேண்டியது ஒன்றும் இல்லையே! நான் எதை நிறுத்தி வைத்து மிரட்டுவது?

பத்தொன்பது மாதம் கழித்து வேலை மறுபடி தொடங்கியது. அந்தப் பத்தொன்பது மாதமும் தவணைக்காரர்களின் பணம் அவர்கள் கையில் வட்டி ஈட்டியது. என் 9 சதவீதம் அதிலேயே கரைந்துபோயிற்று.

பழைய கணக்காளர் எழுதியது:

நண்பர் சொன்னதில் பலர் கவனிக்காத கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. அதை மூன்றாம் தளத்தின் எண்களிலேயே காட்டுகிறேன்.

அவருடைய தவணைகள் தேதியோடு கட்டப்பட்டவை அல்ல, வேலையோடு கட்டப்பட்டவை. வேலை ஆறு மாதம் பின்தங்கினால் தவணையும் ஆறு மாதம் பின்தங்கும். தவணைக்காரருக்கு அது வட்டியில்லாத அவகாசம். முழுப் பணம் கட்டியவருக்கு அந்த அவகாசம் இல்லை. எல்லாக் கட்டங்களும் ஆறு மாதம் தள்ளிப்போனால் 1165 என்பது 1705 ஆகிவிடும். தள்ளுபடி அதே 5தான். ஆண்டுக்கு ஐந்தரையாக இருந்த வருமானம் நான்குக்கும் கீழே இறங்கிவிடும். தாமதம் கூடக் கூட உங்கள் வட்டி தேயும். தாமதத்தைத் தீர்மானிப்பவரோ கடன் வாங்கியவர். விசித்திரமான கடன் பத்திரம் இது.

தவணை தேதியோடு கட்டப்பட்டிருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. அப்போது தவணைக்காரரும் வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் கட்டத்தான் வேண்டும். ஆகவே முதலில் உங்கள் அட்டவணை எந்த வகை என்று பாருங்கள்.

வெள்ளிமீன் எழுதியது:

சரி, என் இரண்டரை தவறு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முடிவு சரிதானே? வேண்டாம் என்றுதான் நானும் சொன்னேன்.

ஒப்பந்த வாசகி எழுதியது:

வீட்டு ஒப்பந்தங்களைப் படித்துக் கருத்துச் சொல்வது என் தொழில். முடிவு வேண்டும், வேண்டாம் என்பது இருக்கட்டும். தள்ளுபடி எந்தத் தாளில் எழுதப்படுகிறது என்று யாரும் கேட்கவில்லை. என்னிடம் வரும் சச்சரவுகளில் முக்கால்வாசி அங்கேதான் தொடங்குகின்றன.

விற்பனை மேசை மூன்று விதமாகத் தள்ளுபடி தரும். ஒன்று, ஒப்பந்த விலையே 95 என்று எழுதுவது. இரண்டு, ஒப்பந்த விலை 100, தனிக் கடிதத்தில் 5 குறைப்பு. மூன்று, 100ஐயும் வாங்கிக்கொண்டு சாவி கொடுக்கும்போது 5ஐத் திருப்பித் தருவதாகவோ கார் நிறுத்துமிடமாகத் தருவதாகவோ சொல்வது. முதல் விதத்தை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். தனிக் கடிதம் எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். புதியவர், ஒப்பந்தத்தில் 100 என்றுதானே இருக்கிறது என்பார். மூன்றாவது விதத்தில் தள்ளுபடி என்பதே இன்னொரு வாக்குறுதி. நிறுவனம் தடுமாறினால் வீடும் வராது, அந்த 5உம் வராது. கார் நிறுத்துமிடமோ அவர்கள் போட்ட விலைக்கு உங்கள் தலையில் கட்டப்படும். விற்காமல் கிடக்கும் இடமாகவும் இருக்கலாம்.

இன்னொன்று. கட்டி முடித்த பிறகு பரப்பளவை அளந்து, கூடினால் கூடுதல் பணம் கேட்கும் விதி பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். அந்தக் கூடுதல், குறைத்த விலையில் கணக்கிடப்படுமா, பழைய விலையிலா? எழுதாமல் விட்டால் பழைய விலையில்தான் போடுவார்கள்.

மிக முக்கியமானது, வேலை தாமதமானால் என்ன ஆகும் என்பது. தாமதத்துக்கான இழப்பீடு எந்தத் தொகையின் மீது என்று பாருங்கள். நீங்கள் கட்டிய மொத்தத்தின் மீது, கட்டிய நாளிலிருந்து என்று இருக்க வேண்டும். தவணைக்காரருக்கு எழுதிய அதே அச்சடித்த ஒப்பந்தத்தை உங்களுக்கும் நீட்டுவார்கள். அதில் பரப்பளவுக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு சிறு தொகை இருக்கும். நீங்கள் 95 கொடுத்திருக்கிறீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் 25 கொடுத்திருக்கிறார், இருவருக்கும் ஒரே இழப்பீடு என்று ஆகிவிடும்.

நிதானன் எழுதியது:

அம்மா சொல்வது அத்தனையும் சரி. ஆனால் இவ்வளவையும் கேட்டால் பில்டர், வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட மாட்டாரா?

பழைய கணக்காளர் எழுதியது:

சொன்னால் அதுவும் ஒரு தகவல்தான்.

பில்டர் ஏன் முழுப் பணம் கேட்கிறார் என்பதை யோசியுங்கள். நான் பார்த்த வரையில் காரணங்கள் சில வகைதான். கட்டுமானக் கடனின் வட்டியை மிச்சப்படுத்துவது ஒன்று. இத்தனை வீடு விற்றால்தான் அடுத்த கடன் பகுதியைத் தருவேன் என்று வங்கி சொல்லியிருப்பது இன்னொன்று. இவை இரண்டும் ஆரோக்கியமானவை, பேரத்துக்கும் இடம் தருபவை. மூன்றாவது வகை, வங்கி கையை விரித்துவிட்டது, ஒப்பந்ததாரருக்குப் பாக்கி, சம்பளம் கொடுக்கப் பணமில்லை. இந்த மூன்றாமவர்தான் தாராளமாகத் தருவார். நீங்கள் 5 கேட்டால் 15 என்பார். மகிழாதீர்கள். 13 மாதக் கடனுக்கு 15 என்றால் ஆண்டுக்கு 18 சதவீதத்தைத் தாண்டுகிறது. அந்த வட்டிக்கு உங்களிடம் வருபவருக்கு வேறெங்கும் கதவு திறக்கவில்லை என்று பொருள். நேரில் போய்த் தளத்தைப் பாருங்கள். எத்தனை ஆட்கள் வேலை செய்கிறார்கள், கம்பியும் சிமெண்டும் புதிதாக இறங்குகின்றனவா, சென்ற மாதம் பார்த்ததற்கும் இப்போதைக்கும் ஏதாவது மாறியிருக்கிறதா? விற்பனை மேலாளரின் பேச்சைவிட இவை உண்மை பேசும்.

இன்னொரு சோதனையும் உண்டு. சில இடங்களில் வாங்குபவர் பணம் தனிக் கணக்குக்குப் போய், வேலை முடிந்த அளவுக்கு மட்டுமே பில்டர் எடுக்க முடியும். அங்கே முன்கூட்டிக் கொடுத்த பணமும் கணக்கில் தூங்கும். அவருக்குப் பெரிய லாபம் இல்லை, ஆகவே பெரிய தள்ளுபடியும் தர முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் பெரிய தள்ளுபடி தந்து, பணத்தை வேறு கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்றாம் தளம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. குழப்பம் தெளிந்து புதுக் குழப்பம் வந்திருக்கிறது. முழுதும் கட்டினால் பிடி போய்விடும். கட்டாவிட்டால் தள்ளுபடி இல்லை. நடுவில் வழியே கிடையாதா? தளத்துக்குப் போய்ப் பார்த்தேன். அடித்தள வேலை மும்முரமாகத்தான் நடக்கிறது.

பழைய கணக்காளர் எழுதியது:

நடுவழி இருக்கிறது. விற்பனை மேசையில் அதை யாரும் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அடுத்த மூன்று தவணைகளை மட்டும் இப்போதே தருகிறேன் என்று சொல்லுங்கள். 15, 20, 20 ஆக 55. கடைசி 35 வழக்கம்போல வேலையோடு வரட்டும். 55க்கான பெருக்கல் கூட்டுத்தொகை 465தான். இதற்கு 4 குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். கிடைத்தால் ஆண்டுக்குப் பதினொன்றுக்கு மேல் வருகிறது. 3க்கு இறங்கி வந்தாலும் எட்டுக்கு மேல். முழுப் பணத்துக்கு 5 வாங்கினால் கிடைக்கும் ஐந்தரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தள்ளுபடியின் எண் சிறியது, ஆனால் உங்கள் பணத்துக்கு விலை அதிகம். அதோடு பூச்சு, ஜன்னல், குழாய், சாவி எல்லாவற்றுக்கும் முன்னால் 35 உங்கள் கையில் இருக்கும். கட்டடத்தில் சண்டை வரும் இடமே அதுதான்.

பில்டருக்கும் இதில் நியாயம் இருக்கிறது. அவருக்குப் பணம் அதிகம் தேவைப்படுவது தூண்களும் கூரைகளும் எழும்பும் முதல் ஆண்டில். இரண்டாம் ஆண்டுப் பணத்தை இன்று வாங்கி அவர் என்ன செய்யப் போகிறார்? அடுத்த மனைக்கு முன்பணம் கட்டுவார். உங்கள் பணம் உங்கள் கட்டடத்தைவிட்டு வெளியேறும் வழி பெரும்பாலும் அதுவே.

விற்பனை மேலாளரிடம் இதைப் பேசாதீர்கள். அவருடைய ஊக்கத்தொகை வசூலித்த பணத்தின் மீது. நிதிப் பொறுப்பில் இருப்பவரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

பாதியில் நின்ற வீடு எழுதியது:

55 மட்டும் சின்னத் தொகையா? முன்பதிவோடு சேர்த்தால் அடித்தளம்கூட முடியாத கட்டடத்தில் 60க்கு மேல் போட்டிருப்பார். நான் என்றால் முதல் இரண்டு தவணையோடு நிறுத்துவேன்.

பழைய கணக்காளர் எழுதியது:

பயம் நியாயம்தான். 35 மட்டும் கொடுத்தால் கூட்டுத்தொகை 205. அதற்கு ஒன்றரைக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அந்த ஒன்றரைக்காக இவ்வளவு தூரம் மெனக்கெட வேண்டுமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். இதில் எனக்கும் நண்பருக்கும் ஒத்துப்போகாது.

ஒப்பந்த வாசகி எழுதியது:

மனை ஏதாவது வங்கியில் அடமானத்தில் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? பில்டர் கட்டுமானக் கடன் வாங்கியிருந்தால் நிலமும் கட்டடமும் ஈடாக இருக்கும். உங்கள் வீட்டை மட்டும் அந்த ஈட்டிலிருந்து விடுவிக்கச் சம்மதம் என்று அந்த வங்கி கடிதம் தர வேண்டும். பெரும்பாலும் அதில் ஒரு நிபந்தனை இருக்கும்: விலை முழுவதும் இன்ன கணக்கில் வந்து சேர வேண்டும் என்று. வேறு கணக்கில் கட்டினால், வங்கியின் பார்வையில் நீங்கள் கட்டவே இல்லை. குறைத்த விலைக்கும் வங்கியின் சம்மதம் வேண்டும். அவர்கள் சம்மதித்த விலைக்குக் கீழே பில்டர் விற்க முடியாமல் இருக்கலாம்.

மூன்றாம் தளம் எழுதியது:

பதினொரு நாள் கழித்து எழுதுகிறேன்.

நிதிப் பொறுப்பாளரைச் சந்தித்தேன். விற்பனை மேலாளர் கூடவே உட்கார்ந்திருந்தார். 15 சதவீதத் தாமத வட்டியைக் காட்டி, இதே விகிதத்தில் எனக்குத் தள்ளுபடி தாருங்கள் என்றேன். நிதிக்காரர் சிரித்தார். "அது அபராதம். உங்களைச் சரியான நாளில் கட்ட வைப்பதற்காக எழுதியது. எங்கள் கடன் விலை அதைவிடக் குறைவு" என்றார். எவ்வளவு குறைவு என்று கேட்டேன். பதில் வரவில்லை. ஆனால் அதன் பிறகு 5 என்ற பேச்சு 7 ஆகிவிட்டது! முழுப் பணத்துக்கு 7 என்றார்கள். விரிதாளில் போட்டுப் பார்த்தேன், ஆண்டுக்கு ஏறக்குறைய 8 வருகிறது.

நான் 55க்கு 4 கேட்டேன். 2 என்றார்கள். விற்பனை மேலாளர், மாதக் கடைசிக்குள் முடிவு சொல்லாவிட்டால் விலையே ஏறிவிடும் என்றார். நிதிக்காரர் அவரைப் பார்த்த பார்வையில் அது உண்மை இல்லை என்று புரிந்தது. எழுந்திருக்கப் போனேன். 3க்கு வந்தார்கள். ஒப்பந்த விலையையே 97 என்று எழுதவும், பரப்பளவு கூடினால் 97இன் விகிதத்தில் கணக்கிடவும் சம்மதித்தார்கள். இப்போது 52 கட்ட வேண்டும், 35 வேலையோடு.

இழப்பீட்டை மட்டும் கட்டிய தொகையின் மீது மாற்ற முடியாது என்கிறார்கள். ஒருவருக்கு மாற்றினால் எல்லாரும் கேட்பார்களாம். முன்பணத்துக்கு வங்கி உத்தரவாதம் கேட்டேன். அதற்கு வங்கி கேட்கும் கட்டணமும் ஈடும் எங்கள் 3 சதவீதத்தையே தின்றுவிடும் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள்.

நிதானன் எழுதியது:

வாழ்த்துகள். நான் முழுப் பணத்துக்கு 8 வாங்கியதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். என் தவணை அட்டவணையைத் தேடி எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்க இப்போது கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது.

ஒப்பந்த வாசகி எழுதியது:

உத்தரவாதம் பற்றி அவர்கள் சொன்னது பொய் இல்லை. சிறிய தள்ளுபடிக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் இழப்பீட்டை விடாதீர்கள். எல்லாருக்கும் மாற்ற வேண்டாம். முன்கூட்டிக் கட்டிய 52க்கு மட்டும், வேலை குறித்த மாதத்தைத் தாண்டினால் இன்ன சதவீதம் வட்டி, அதைக் கடைசித் தவணையில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். கடைசித் தவணை உங்கள் கையில் இருப்பதால் அதை வசூலிக்க வழக்குப் போட வேண்டியதில்லை. வங்கிக் கடிதம் வந்ததா?

மூன்றாம் தளம் எழுதியது:

அந்தப் பத்தியை இன்றே கேட்கிறேன். கடிதம் நேற்று வந்தது. மனை அடமானத்தில்தான் இருக்கிறது, 97க்குச் சம்மதம் என்று இருக்கிறது. ஆனால் ஒன்று இடிக்கிறது. கடிதத்தில் உள்ள கணக்கு எண்ணும், பணம் கட்ட விற்பனை மேசை கொடுத்த சீட்டில் உள்ள எண்ணும் வேறு வேறு. கேட்டால், பழைய சீட்டு அச்சாகிவிட்டது, எதில் கட்டினாலும் நாங்கள் மாற்றிக்கொள்வோம் என்கிறார்கள்.

பாதியில் நின்ற வீடு எழுதியது:

கட்டாதீர்கள்.

பழைய கணக்காளர் எழுதியது:

அச்சுப் பிழையாகவே இருக்கலாம், அலுவலகங்களில் நடப்பதுதான். ஆனாலும் சீட்டில் உள்ள எண்ணில் ஒரு காசுகூடப் போடாதீர்கள். கடிதத்தை எடுத்துக்கொண்டு அந்த வங்கிக் கிளைக்கு நீங்களே போங்கள். கடிதம் அவர்கள் கொடுத்ததுதானா, கணக்கு எண் அதுதானா என்று எழுத்தில் வாங்குங்கள். கடிதத்தின் அடியில் அச்சிட்ட தொலைபேசி எண்ணை நம்பாமல் கிளைக்கு நேரில் போவது நல்லது. திருத்திய சீட்டு கைக்கு வந்த பிறகு பணத்தைப் பற்றிப் பேசலாம்.

மூன்றாம் தளம் எழுதியது:

திங்கட்கிழமை காலை வங்கிக்குப் போகிறேன். விற்பனை மேலாளர் இன்று மட்டும் நான்கு முறை அழைத்துவிட்டார். எடுக்கவில்லை.